அவசர எண்ணுக்கு எழுத்தா, காணொளியா? பிரித்தானியாவில் காது கேளாத தமிழருக்கு உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

எங்கள் குடும்பத்தில் காது கேளாதவர்கள் மூவர். சித்தியின் மகள் பிறவியிலேயே கேளாதவள்; ஒன்பது வயதில் லண்டனுக்கு வந்து, காது கேளாதோர் பள்ளியில் படித்து, பிரித்தானியச் சைகைமொழியிலேயே வளர்ந்தவள். பெரியப்பா அறுபது வயதுக்கு மேல் செவிப்புலனை இழந்தவர். தமிழும் ஆங்கிலமும் தெளிவாகப் பேசுவார், வாசிப்பார், ஆனால் சைகைமொழியில் ஒரு சொல்லும் அறியார். மூன்றாமவர் ஐம்பது வயதுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமா; வீட்டாருக்கு மட்டும் புரியும் கையசைவுகளும் கொஞ்சம் தமிழ் எழுத்தும்தான் அவருக்குத் தெரிந்த மொழி. மூவருடைய பிள்ளைகளும் வெவ்வேறு நாள்களில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: வீட்டில் தனியாக இருக்கும்போது ஏதாவது நேர்ந்தால் 999-ஐ எப்படி அழைப்பது, கைத்தொலைபேசியில் எந்தச் செயலியைப் போட்டு வைப்பது?

கேள்வி ஒன்றாக இருந்தாலும் மூவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியவில்லை. எரிவாயு நிறுவனத்தையும் வங்கியையும் அழைப்பது பற்றிய அடுத்த கேள்விக்கோ விடை இன்னொரு விதமாக மாறியது. இந்த முடிவில் தடுமாறும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால், நான் ஒப்பிட்டுப் பார்த்த முறையை இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் மொழி. எழுத்துவழி ரிலே, அதாவது நடுவில் ஒருவர் எழுத்தைப் பேச்சாகவும் பேச்சை எழுத்தாகவும் மாற்றித் தரும் சேவை என்றால், ஆங்கிலத்தில் எழுதவும் வாசிக்கவும் வேண்டும். காணொளி வழி என்றால் பிரித்தானியச் சைகைமொழி தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் எது கொஞ்சம் தெரியும் என்று பார்ப்பது போதாது. நெஞ்சு படபடக்கும் வேளையிலும் யோசிக்காமல் எது கைக்கு வரும் என்பதையே பார்க்க வேண்டும். பிறவியிலேயே காது கேளாத பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதும், அவர்கள் எழுதும் வாக்கியம் சைகைமொழியின் சொல்லொழுங்கில் அமைந்துவிடக்கூடும் என்பதும் கேட்கும் உறவினருக்குப் பெரும்பாலும் உறைப்பதில்லை.

இரண்டாவது வேகம். சாதாரணமாகப் பேசுபவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் பேசுவார். கைத்தொலைபேசியில் தட்டுபவர் அதில் கால்பங்கை எட்டினாலே பெரிது. மூன்றாவது, அந்த நேரத்தில் கையும் வெளிச்சமும் இணையமும் எந்த நிலையில் இருக்கும் என்பது. நான்காவது, முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய வேலை. உதவி எண்களுக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: மறுமுனையில் இருப்பவர் அந்த வழியை ஏற்றுக்கொள்கிறாரா, அதற்கு யார் பணம் கொடுக்கிறார்?

## அவசரத்துக்கு: எழுத்துவழி ரிலே

இதன் இன்றைய பெயர் ரிலே யூகே. செயலிக் கடையில் `Relay UK` என்று தேட வேண்டும். 1991-இல் டைப்டாக் என்ற பெயரில் தொடங்கிய சேவை இரண்டு மூன்று பெயர்மாற்றங்களுக்குப் பிறகு 2019-இல் இந்தப் பெயரைப் பெற்றது. நடத்துவது பி.டி. நிறுவனம். ஆனால் நீங்கள் எந்த நிறுவனத்தின் இணைப்பை வைத்திருந்தாலும், இந்தச் சேவைக்கு உங்களுக்கு வழி செய்து தரவேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி.

நடுவில் ரிலே உதவியாளர் ஒருவர் இருப்பார். நீங்கள் தட்டுவதை அவர் மறுமுனைக்கு வாசித்துச் சொல்வார். மறுமுனை பேசுவதைத் தட்டி உங்கள் திரைக்கு அனுப்புவார். அவசரத்துக்குச் செயலியிலேயே 999 பொத்தான் உண்டு. பழைய எழுத்துத் தொலைபேசிக் கருவியை இன்னும் வைத்திருப்பவர்கள் `18000` என்ற எண்ணை அழுத்த வேண்டும். சேவை இரவு பகலாக, ஆண்டு முழுவதும் இயங்குகிறது.

இந்தச் செயலியில் மூன்று முறைகள் இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. தட்டி வாசிப்பது ஒன்று. பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் தட்டிக் கேட்பது மற்றொன்று. மூன்றாவது, சொந்தக் குரலில் பேசி, பதிலை மட்டும் எழுத்தில் வாசிப்பது. பெரியப்பாவுக்குத் தேவைப்பட்டது இந்த மூன்றாவது முறைதான். அவருடைய மகன் தட்டி வாசிக்கும் முறையை அமைத்துக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு விரல் நடுங்குகிறது, இது சரிவராது என்று கைவிட்டிருந்தான். அமைப்பை மாற்றியதும் அவர் வாயால் சொன்னார், பதில் திரையில் வந்தது. அவர் பேசுவது நேரடியாக மறுமுனைக்குப் போவதால், வேகத்தின் பாதி அங்கேயே மீண்டுவிட்டது.

குறைகளும் உண்டு. தட்டி வாசிக்கும் முறையில் ஒவ்வொரு கேள்வியும் பதிலும் இரண்டு முறை பயணம் செய்கிறது. மருத்துவ ஊர்தி கேட்டு அழைத்தால், நோயாளி மூச்சு விடுகிறாரா, நினைவோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் கைகளால் அவற்றுக்குப் பதில் தட்ட முடியாது. அதோடு, செயலிக்கு இணையமும் வேண்டும், அழைப்பு போகத் தொலைபேசி இணைப்பும் வேண்டும். இரண்டில் ஒன்று அறுந்தாலும் பேச்சு அறுந்துவிடும். செயலியை இறக்கிவிட்டு உங்கள் எண்ணை அதில் பதிவதை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால், அந்த வேலை அவசர நேரத்தில்தான் எதிரே வந்து நிற்கும்.

## அவசரத்துக்கு: காணொளி

ஆஃப்காமின் ஆணைப்படி 2022 ஜூன் 17 அன்று தொடங்கப்பட்டது `999 BSL`. செயலியாகவும் இணையத்தளமாகவும் கிடைக்கிறது. பொத்தானை அழுத்தினால் திரையில் சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் தோன்றுவார். அவர் 999 இயக்குநரோடு குரலில் இணைந்து, இரு பக்கமும் உடனுக்குடன் மொழிபெயர்ப்பார். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. அதே ஆண்டு ஏப்ரல் 28 அன்று பிரித்தானியச் சைகைமொழிச் சட்டம் ஒப்புதல் பெற்றது என்பதால் சிலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தச் சேவை வந்தது அந்தச் சட்டத்தால் அல்ல, தொலைத்தொடர்பு விதியால்.

சைகைமொழியில் வளர்ந்தவருக்கு இதற்கு ஈடான வழி வேறில்லை என்பது என் முடிவு. வேகம் அதற்கு ஒரு காரணம்தான். இன்னொன்றைச் சித்தியின் மகள் எனக்கு விளக்கினாள். "வலிக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதுவதற்கு, குத்துகிறதா, எரிகிறதா, இறுக்குகிறதா என்பதற்குத் தனித்தனிச் சொல் தெரிந்திருக்க வேண்டும். சைகையில் அவள் வலி இருக்கும் இடத்திலேயே கையை வைத்து, அது பரவும் திசையையும் வேகத்தையும் ஒரே அசைவில் காட்டிவிடுகிறாள். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலச் சொல்லாக மாற்றிக் கொடுக்கிறார். சொல் தேடும் பொறுப்பு நோயாளியிடமிருந்து பயிற்சி பெற்றவரிடம் போய்விடுகிறது.

இதில் மறைந்திருக்கும் செலவுகள் கைக்கும் வெளிச்சத்துக்கும் உரியவை. தொலைபேசியை ஒரு கையில் பிடித்தால் மற்றக் கையால் மட்டுமே பேச வேண்டியிருக்கும்; அப்படியும் பேசிவிடலாம், ஆனால் எழுத்துகளை விரலால் காட்டுவது பிரித்தானிய முறையில் இரு கை வேலை என்பதால், தெருப்பெயரும் அஞ்சல் குறியீடும் சொல்லும் இடத்தில் தட்டுப்படும். ஆகவே தொலைபேசியைச் சாய்த்து வைக்க ஓர் இடம் வேண்டும். சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகமும் கையும் கருநிழலாகிவிடும். மின்சாரம் போன இரவில் இந்த வழி ஏறக்குறைய பயனற்றது. இணையம் மெலிந்தால் எழுத்து தாமதமாகவாவது போய்ச் சேரும். காணொளியிலோ கை பாதியில் உறைந்து நின்று பொருளே மாறிவிடும். புகை நிறைந்த அறையில் இதைத் திறக்கவே கூடாது. முதலில் வெளியேறி, தெருவிளக்கின் கீழ் நின்று அழைக்க வேண்டும்.

நம்மவர்கள் விழக்கூடிய ஒரு குழியும் இங்கே இருக்கிறது. இந்தியாவில் படித்த காது கேளாதோர் ஆங்கில எழுத்துகளை இரு கைகளால் காட்டுவது பிரித்தானிய முறையை ஒத்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இருவருடைய சைகைமொழியும் ஒன்றுதான் என்று குடும்பத்தினர் நம்பிவிடுகிறார்கள். எழுத்துகள் ஒத்திருந்தாலும் சொற்களும் இலக்கணமும் வேறு. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் இதுவே நிலைமை. திரையில் தோன்றுபவர் பிரித்தானியச் சைகைமொழி மொழிபெயர்ப்பாளர். ஊர்ச் சைகையை அவர் ஊகிக்க முயலலாம், அவ்வளவுதான்.

அழைப்பு முடிந்த பிறகு அவசர சேவையினர் மொழிபெயர்ப்பாளர் வழியாகத் திரும்ப அழைக்கவும் இந்தச் செயலியில் வசதி உண்டு. அறிவிப்புகளுக்கு அனுமதி கொடுக்காமல் வைத்திருந்தால் அந்த அழைப்பு தெரியாமலே போகும். செயலியை இறக்கும் அன்றே அதைச் சரிபார்த்துவிடுங்கள். ஆனால் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக 999-ஐச் சும்மா அழைத்துப் பார்க்க வேண்டாம்.

## அவசரத்துக்கு: குறுஞ்செய்தி

மேலே சொன்ன இரண்டுக்கும் இது மாற்று அல்ல, காப்பு. எழுத்துவழி ரிலேயின் தம்பி என்று சொல்லலாம். நீங்கள் அனுப்பும் குறுஞ்செய்தியை ஒரு ரிலே உதவியாளர்தான் 999 இயக்குநருக்கு வாசிக்கிறார். ஆனால் எண்ணை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். `register` என்று தட்டி 999-க்கு அனுப்ப வேண்டும், விளக்கம் வரும், அதற்கு `yes` என்று பதில் அனுப்ப வேண்டும், பதிவு உறுதியானது என்று இன்னொரு செய்தி வரும்வரை வேலை முடியவில்லை என்றே கொள்ள வேண்டும். இரண்டாவது படியில் நின்றுவிட்டு, பதிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த இருவரை நான் அறிவேன். பதிவு தொலைபேசி எண்ணோடு ஒட்டியது என்பதால், எண்ணை மாற்றினால் மீண்டும் பதிய வேண்டும்.

இதன் சிறப்பு, இணையம் இல்லாமலே வேலை செய்வது. இதன் குறை, குறுஞ்செய்தி உடனே போய்ச் சேரும் என்ற உறுதி இல்லாதது. பதில் வரும்வரை உங்கள் செய்தி கிடைத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. சில நிமிடங்களில் பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்ப வேண்டும். இன்னொரு வேறுபாட்டையும் அறிந்திருப்பது நல்லது. உங்கள் நிறுவனத்தின் சமிக்ஞை இல்லாத இடத்தில் கேட்பவர் ஒருவர் 999-ஐக் குரலில் அழைத்தால், வேறொரு நிறுவனத்தின் வலையமைப்பு அதை ஏற்றுக்கொள்ளும். குறுஞ்செய்திக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதல் செய்தியிலேயே எந்தச் சேவை, என்ன நேர்ந்தது, எங்கே என்ற மூன்றையும் எழுதிவிட்டால் போக்குவரத்து ஒன்றிரண்டு குறையும். மாமாவுக்காக நாங்கள் எழுதி வைத்திருக்கும் செய்தியின் அமைப்பு இது. கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு ஆகியவற்றை அவரவர் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

```
Ambulance. Man 62, chest pain, awake, breathing.
Flat __, ____ Road, London E6 ___.
I am deaf. Text only. I read little English.
```

ஆங்கிலமும் சைகைமொழியும் இல்லாத மாமாவுக்கு இப்போதைக்கு இதுதான் ஒரே வழி. மருத்துவ ஊர்தி, தீயணைப்பு, காவல்துறை என்று மூன்று வரைவுகள் அவருடைய தொலைபேசியில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அடையாளத்துக்கு ஒரு சிறு படம். 999 பக்கத்திலிருந்து வரும் கேள்விகளுக்கு அவரால் பதில் எழுத முடியாது என்பதை அறிந்தே இதைச் செய்திருக்கிறோம். முகவரியும் காரணமும் போய்ச் சேர்ந்தால் யாராவது கதவைத் தட்டுவார்கள்.

இடையில் ஒரு விஷயம். கைத்தொலைபேசியிலிருந்து 999-ஐ அழைத்து, பேசாமல் 55-ஐ அழுத்தினால் போதும் என்று சிலர் காது கேளாதோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த ஏற்பாடு பேச முடியாத ஆபத்தில் இருந்தாலும் கேட்கக்கூடியவர்களுக்கானது. இயக்குநர் கேட்கச் சொல்லும்போதுதான் அழுத்த வேண்டும். அது காதில் விழாதவருக்கு எப்போது அழுத்துவது என்றே தெரியாது. 55-ஐ அழுத்துவதால் உங்கள் இடம் காவல்துறைக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்பதும் தவறு.

## அவசர வழிகள் ஒரே பார்வையில்

| அளவுகோல் | எழுத்துவழி ரிலே | காணொளி | குறுஞ்செய்தி |
|---|---|---|---|
| தேவைப்படும் மொழி | ஆங்கில வாசிப்பு; பேசும் முறையில் ஆங்கிலப் பேச்சு | பிரித்தானியச் சைகைமொழி | எளிய ஆங்கிலம்; முன்வரைவு உதவும் |
| வேகம் | தட்டினால் மெதுவு, பேசினால் நடுத்தரம் | பேச்சுக்கு நெருக்கம் | மிக மெதுவு |
| இணையம் | வேண்டும், தொலைபேசி இணைப்பும் வேண்டும் | நல்ல இணையம் வேண்டும் | வேண்டாம் |
| வெளிச்சம், கை | இருட்டிலும் முடியும், ஒரு விரல் போதும் | வெளிச்சமும் இரு கைகளும் நல்லது | இருட்டிலும் முடியும் |
| முன்வேலை | செயலி, எண்ணைப் பதிதல் | செயலி மட்டும் | கட்டாயப் பதிவு |

## உதவி எண்களுக்கு: எழுத்துவழி ரிலே

அவசரத்தில் காணொளி முந்துகிறது என்றால், உதவி எண்களில் நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை. எழுத்துவழி ரிலேயின் பெரிய பலம், எந்த எண்ணையும் அழைக்க முடியும் என்பது. அழைக்கும் எண்ணுக்கு முன்னால் `18001` சேர்த்தால் போதும். மறுமுனை நிறுவனம் எதிலும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கான 111-ஐக்கூட `18001 111` என்று அழைக்கலாம். கேட்பவர்கள் உங்களைத் திரும்ப அழைக்க விரும்பினால், உங்கள் எண்ணுக்கு முன் `18002` சேர்க்கச் சொல்ல வேண்டும்.

கட்டணம் சாதாரண அழைப்புக்கு உள்ளதுதான். 0800 எண்கள் இலவசம். 0345 போன்றவை உங்கள் திட்டத்தின் நிமிடங்களிலிருந்து கழியும். 084, 087 என்று தொடங்குபவை தனிக் கட்டணம் கேட்கும். மறைந்திருக்கும் செலவு நேரத்தில் இருக்கிறது. கேட்பவர் ஐந்து நிமிடத்தில் முடிப்பது இதில் பதினைந்து நிமிடம் இழுக்கலாம். அந்த கூடுதல் நேரத்துக்கு ஈடாகச் சிறப்புக் கட்டண முறையைத் தொலைபேசி நிறுவனங்கள் தரவேண்டும் என்று விதி இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள்.

சித்தியின் மகளோடு நான் உட்கார்ந்திருந்த ஓர் அழைப்பைச் சொன்னால் மற்றவை விளங்கும். அவளுடைய எரிவாயுக் கட்டணத்தில் மீட்டர் எண்ணின் இரண்டு இலக்கங்கள் இடம்மாறிப் பதிவாகி, கட்டணம் நான்கு மடங்காக வந்திருந்தது. அவள் `18001` சேர்த்து நிறுவனத்தின் 0800 எண்ணை அழைத்தாள். முதல் அழைப்பில், இது ரிலே சேவையின் வழியாக வரும் அழைப்பு என்று உதவியாளர் விளக்கத் தொடங்கியதுமே மறுமுனை துண்டித்துவிட்டது. ஏதோ விற்பனை அழைப்பு என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாவது முறை தானியங்கிக் குரல் எண்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. அந்தப் பட்டியலை உதவியாளர் தட்டி முடிப்பதற்குள் குரல் மறுபடி முதலிலிருந்து ஓடியது. அதன்பின் காத்திருப்பு, இசை ஒலிக்கிறது என்று திரையில் வந்த ஒரே குறிப்பைப் பார்த்தபடி இருபத்திரண்டு நிமிடம்.

ஆள் வந்ததும் அடுத்த தடை. கணக்கு வைத்திருப்பவரோடு மட்டுமே பேச முடியும், மூன்றாம் ஆளோடு பேச அனுமதி இல்லை என்றார். இந்த இடத்தில் பலர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். அவள் வைக்கவில்லை. கணக்கு என்னுடையது, இப்போது உங்களிடம் வாசிக்கப்படுவது என் சொற்கள், வாசிப்பவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்ட ரிலே உதவியாளர், பாதுகாப்புக் கேள்விகளை என்னிடமே கேளுங்கள் என்று தட்டினாள். அவர் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, பிறந்த தேதியும் முகவரியும் கேட்டார். ஐம்பத்தோராவது நிமிடத்தில் கட்டணம் திருத்தப்பட்டது. அந்த நான்கு வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதி அவள் இப்போது தொலைபேசியில் சேமித்து வைத்திருக்கிறாள், தேவைப்படும்போது ஒட்டிவிடுகிறாள். மீண்டும் மீண்டும் மறுக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுக்கும்போது, 2010-இன் சமத்துவச் சட்டம் நியாயமான மாற்றங்களைச் செய்யக் கோருகிறது என்பதைக் குறிப்பிடலாம்.

## உதவி எண்களுக்கு: காணொளி

இங்கிலாந்தில் உதவி எண்களுக்கான காணொளி ரிலே, நிறுவனம் பணம் கட்டிச் சேர்ந்திருந்தால் மட்டுமே உங்களுக்கு இலவசம். `SignVideo`, `SignLive` என்ற இரண்டு சேவைகள் இதில் பெரியவை. சேர்ந்திருக்கும் வங்கிகள், உள்ளூராட்சி மன்றங்கள் முதலியவற்றின் பட்டியல் அவர்களுடைய செயலிகளில் இருக்கும். பட்டியலில் இல்லாத சிறு கடையையோ வீட்டு உரிமையாளரையோ அழைக்க வேண்டுமானால், அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில் விழும். வேலை தொடர்பான அழைப்புகளுக்கு மட்டும் அக்செஸ் டு வொர்க் என்ற அரசு உதவித்தொகையில் மொழிபெயர்ப்புச் செலவைக் கேட்கலாம். ஸ்காட்லாந்தில் வசிப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கே `contactSCOTLAND-BSL` என்ற சேவையை அரசே பணம் கொடுத்து நடத்துகிறது, நிறுவனம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்று நேரம். 999 காணொளி இரவு பகலாக இயங்குவதைப் பார்த்துவிட்டு, வங்கியின் காணொளி இணைப்பும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. பல நிறுவனங்களில் அது வேலைநாள்களில் அலுவலக நேரத்துக்கு மட்டுமே. சனிக்கிழமை இரவு அட்டை தொலைந்தால் எழுத்துவழி ரிலேதான் கைகொடுக்கும்.

இணைப்பு கிடைத்துவிட்டால் வேறுபாடு கண்கூடு. சித்தியின் மகள் தன் வங்கியோடு பேசிய அழைப்பு பதினான்கு நிமிடத்தில் முடிந்தது. மூன்றாம் ஆள் என்ற பேச்சே எழவில்லை, ஏனென்றால் அந்த இணைப்பை வங்கியே வைத்திருக்கிறது. தடுமாறிய இடம் ஒன்றே ஒன்று, அட்டை எண்ணில். பிரித்தானியச் சைகைமொழியில் எண்களைக் காட்டும் விதம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். மொழிபெயர்ப்பாளர் வடக்கிலிருந்து வந்தவராக இருந்ததால் ஓரிலக்கத்தைத் திருப்பிக் கேட்டார். பதினாறு இலக்கங்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் காட்டியதும் அது தீர்ந்தது. கணக்கு எண், குறிப்பு எண் எதுவானாலும் அழைப்பதற்கு முன் தாளில் எழுதி வைத்துக்கொள்வது இப்போது அவள் வழக்கம்.

## யாருக்கு எதைப் போட்டுக் கொடுத்தோம்

சித்தியின் மகளுடைய தொலைபேசியின் முதல் திரையில் `999 BSL` இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ரிலே யூகே. வங்கிக்கும் மன்றத்துக்கும் அவள் காணொளியைத் திறக்கிறாள், மற்ற எல்லா இடத்துக்கும் எழுத்தைத்தான் நம்பியிருக்கிறாள். எழுத்தில் ஆகும் நேரம் அவளுக்கு எரிச்சல் தருகிறது என்றாலும், நிறுவனம் சேரும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. காணொளி கிடைக்கும் இடத்தில் எழுத்தைப் பயன்படுத்துவது அவளைப் போன்றவர்களுக்கு வீண் சிரமம் என்பதே என் கருத்தும்.

பெரியப்பாவுக்குக் காணொளிச் செயலி தேவையே இல்லை. காது கேளாதோருக்குப் புதிய வசதி வந்திருக்கிறது என்ற செய்தியைப் பார்த்து அவருடைய மகன் அதை இறக்கி வைத்திருந்தான். நான் நீக்கிவிட்டேன், ஏனென்றால் பதற்றத்தில் அவர் அதை அழுத்தினால் திரையில் ஒருவர் கையசைத்துக்கொண்டு நிற்பதைத்தான் பார்ப்பார். ரிலே யூகேயில் பேசி வாசிக்கும் முறை, அதோடு காப்புக்குக் குறுஞ்செய்திப் பதிவு, இவை இரண்டும் அவருக்குப் போதும். அரட்டை வசதி உள்ள நிறுவனங்களை அவர் அதிலேயே தொடர்புகொள்கிறார்.

மாமாவுக்குப் பதிந்த குறுஞ்செய்தியும் மூன்று வரைவுகளும். உதவி எண்களை அவர் பெயரால் மகளே அழைக்கிறாள். அதற்காக ஒவ்வொரு நிறுவனத்திடமும் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே பதிவு செய்து வைத்தோம். சென்ற மாதம் அவருடைய தொலைபேசி நிறுவனத்தை மாற்றியபோது எண்ணும் மாறியது. அன்று மாலையே மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து `register` அனுப்பி, விளக்கம் வந்து, `yes` அனுப்பி, மூன்றாவது செய்தி வரும்வரை தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.